தோரியம்-229-ஐ எங்கே குடிவைப்பது? அணுக்கருக் கடிகாரத்துக்கு மூன்று வழிகள்

தோரியம் கடிகாரம் என்ற ஒரே பெயரில் இன்று மூன்று வேறு வேறு கருவிகளைப் பற்றிப் பேசுகிறார்கள். முதலாவதில் ஒரே ஒரு தோரியம் அயனி, வெற்றிடத்தில் மின்புலத்தின் பிடியில் மிதந்துகொண்டிருக்கும். இரண்டாவதில் கோடானுகோடி தோரியம் அயனிகள் ஒரு படிகத்துக்குள் புதைந்து கிடக்கும். மூன்றாவதில் தோரியத்தின் சேர்மம் ஒரு தகட்டின்மேல் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். மூன்றிலும் அணுக்கரு ஒன்றுதான், துடிப்பும், அதாவது கருவைக் கிளர்த்தும் ஒளியின் அதிர்வெண்ணும், கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் எதை முதலில் கட்டுவது என்று ஓர் ஆய்வகம் முடிவெடுக்க உட்கார்ந்தால், மூன்றும் மூன்று திசையில் இழுக்கும். போதாததற்கு நாலாவதாக ஒரு குரலும் கேட்கும்: அணுவின் எலக்ட்ரான்களை வைத்து இயங்கும் ஸ்ட்ரான்சியம் கடிகாரம் நன்றாகத்தானே ஓடுகிறது, இதெல்லாம் எதற்கு?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரம் காட்டுவதுதான் நோக்கம் என்றால் இப்போதைக்குத் தோரியம் பக்கம் போக வேண்டியதில்லை. இயற்கையின் மாறிலிகள் உண்மையிலேயே மாறாதவைதானா என்று பார்ப்பது நோக்கம் என்றால், கடிகாரமாக மட்டும் பார்த்தால் சுமாரான படிகத்தில்தான் தொடங்க வேண்டும். ஏன் என்பதற்குக் கொஞ்சம் பின்னணி தேவை.

அணுக்கருவை ஒரு படி மேல் நிலைக்குத் தூக்கிவிட வழக்கமாக ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அது காமாக் கதிரின் வேலை, மேசைமேல் வைக்கிற லேசரால் ஆகாது. தோரியம்-229 மட்டும் விதிவிலக்கு. அதன் முதல் கிளர்வு நிலை, அதாவது ஐசோமர், தரைநிலைக்கு மேலே வெறும் 8.36 எலக்ட்ரான் வோல்ட் உயரத்தில் இருக்கிறது. அடுத்த இடத்தில் இருக்கும் யுரேனியம்-235-க்கே சுமார் 77 எலக்ட்ரான் வோல்ட் தேவை. 8.36 என்பது 148 நேனோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளி. காற்றே அதை விழுங்கிவிடும் என்பதால் எல்லாவற்றையும் வெற்றிடத்தில் செய்ய வேண்டும். ஆனாலும் அது லேசரால் எட்டக்கூடிய ஒளி.

இந்த எண்ணைக் கண்டுபிடிக்கவே கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. இப்படி ஒரு தாழ்ந்த நிலை இருக்க வேண்டும் என்று 1976-இல் குரோகர், ரைக் இருவரும் காமாக் கதிர் அளவுகளிலிருந்து ஊகித்தார்கள். 1994-இல் அதன் ஆற்றல் 3.5 எலக்ட்ரான் வோல்ட் என்று கணக்கு வந்தது. அதை நம்பிப் பல குழுக்கள் தவறான அலைநீளத்தில் தேடின. 2007-இல் லிவர்மோர் ஆய்வகத்தின் அளவீடு அதை 7.6-க்கு உயர்த்தியது.

ஆற்றல் மதிப்பு மாறியதால் லேசர் மட்டுமல்ல, தோரியத்தை வைக்கும் இடமும் மாறியது. நடுநிலைத் தோரியம் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 6.3 எலக்ட்ரான் வோல்ட் போதும். அணுக்கருவிடம் 3.5 மட்டும் இருந்திருந்தால் அதனால் தன் எலக்ட்ரான்களைத் தொந்தரவு செய்ய முடியாது, சாதாரண அணுவையே பயன்படுத்தலாம். 8.36 இருப்பதால், அணுக்கரு தன் ஆற்றலை ஒளியாக விடுவதற்கு முன்பே பக்கத்திலிருக்கும் எலக்ட்ரானிடம் கொடுத்து அதை வெளியே தள்ளிவிடுகிறது. ம்யூனிக் குழு 2017-இல் அளந்தபடி, நடுநிலை அணுவில் ஐசோமர் நிலையின் அரை ஆயுள் 7 மைக்ரோ விநாடிதான். எலக்ட்ரானுக்கு வழி கொடுக்காமல் அடைத்துவைத்தால் அதே நிலை அரை மணி நேரம் தாங்கும். கடிகாரத்துக்கு நீண்ட ஆயுள் தேவை, ஏனென்றால் ஆயுள் நீண்டால் அதிர்வெண் கோடு, அதாவது கரு ஏற்கும் அதிர்வெண்களின் வீச்சு, ஒடுங்கும். ஆக, எலக்ட்ரானை எப்படி அடைத்துவைப்பது, அல்லது அடைக்காமலே விட்டுவிடலாமா என்பதுதான் மூன்று வழிகளுக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு.

தனி அயனி

தோரியத்திலிருந்து மூன்று எலக்ட்ரான்களை நீக்கிவிட்டால் நான்காவதை நீக்க 8.36 போதாது. அணுக்கரு ஒளியாகத்தான் ஆற்றலை விட்டாக வேண்டும். மிச்சமிருக்கும் அந்த ஒரு வெளி எலக்ட்ரான் சிவப்பு, அகச்சிவப்பு லேசர்களுக்கு ஒத்துழைக்கும் என்பதால் அயனியைக் குளிரவைத்து அசையாமல் நிறுத்தலாம். 2012-இல் ஜார்ஜியா டெக் குழுவும் கூட்டாளிகளும் போட்ட கணக்கின்படி, இப்படிப்பட்ட ஒற்றை அயனியில் பிழையை 10⁻¹⁹ அளவுக்குக் கொண்டுவரலாம்.

இது ஏன் சாத்தியம் என்பதற்குக் காரணம் அளவுதான். அணுக்கரு அணுவைவிட பல்லாயிரம் மடங்கு சின்னது. வெளியிலிருக்கும் மின்புலமோ காந்தப்புலமோ பிடித்து இழுக்க அதில் அவ்வளவாக ஒன்றும் இல்லை. ஸ்ட்ரான்சியம் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: அறையின் சுவர்கள் தங்கள் வெப்பத்தால் விடும் கதிர்வீச்சு மட்டுமே அதன் அதிர்வெண்ணை 5×10⁻¹⁵ அளவுக்கு நகர்த்திவிடுகிறது. அதை அளந்து கழிப்பதில்தான் அந்தத் துறையினரின் உழைப்பில் பெரும்பங்கு போகிறது. தோரியம் அயனியில் இந்தத் தலைவலி வெகுவாகக் குறையும்.

சிக்கல் என்னவென்றால் லேசர். ஒரே ஓர் அணுக்கரு, அதன் கோடோ ஹெர்ட்ஸில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அகலம். 148 நேனோமீட்டரில் இன்று பெரும்பாலும் கிடைக்கும் ஒளி மிக மங்கலானது. அதுவும் சீப்பின் பற்களைப் போல ஆயிரக்கணக்கான அதிர்வெண்களாகப் பிரிந்து வருவதால், கோட்டைத் தொடும் பல்லுக்குக் கிடைக்கும் பங்கு அற்பம். அந்த ஒளியை வைத்து ஒற்றை அயனியைத் தட்டி எழுப்புவது பெரிய பொறுமைச் சோதனை. 2024-இல் லேசரால் இந்த அணுக்கருவைக் கிளர்த்திக் காட்டிய மூன்று குழுக்களும் திடப்பொருளில்தான் செய்தன என்பது தற்செயல் அல்ல.

படிகம்

கால்சியம் ஃபுளோரைடு 148 நேனோமீட்டர் ஒளியை உள்ளே விடும் அபூர்வமான படிகங்களில் ஒன்று. அதன் ஆற்றல் இடைவெளி, அதாவது உள்ளே ஓர் எலக்ட்ரானைக் கட்டவிழ்க்கத் தேவையான ஆற்றல், சுமார் 12 எலக்ட்ரான் வோல்ட், அணுக்கருவின் 8.36-ஐ விட அதிகம். ஆகவே எலக்ட்ரான் தப்பிக்க வழியில்லை. வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தோர்ஸ்டன் ஷூமின் குழு இந்தப் படிகத்தை உருக்கி வளர்க்கும்போதே தோரியம்-229-ஐக் கலந்துவிடுகிறது. ஒரு கன மில்லிமீட்டரில் 10¹⁵-க்கு மேற்பட்ட அணுக்கருக்களை நிறுத்தலாம். ஸ்ட்ரான்சியம் அணுக்களை இப்படித் திடப்பொருளுக்குள் புதைத்தால் அவற்றின் கூர்மையான கோடு கெட்டுவிடும். அணுக்கருவோ பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது.

முதலில் 2024 ஏப்ரலில் ஜெர்மனியின் பிடிபி நிறுவனமும் வியன்னா குழுவும் சேர்ந்து இந்தப் படிகத்தில் லேசரால் அணுக்கருவைக் கிளர்த்திய செய்தி வந்தது. அடுத்து லாஸ் ஏஞ்சலிஸில் வேறொரு ஃபுளோரைடு படிகத்தில். செப்டம்பரில் கொலராடோவின் ஜிலா ஆய்வகத்தில் ஜுன் யே குழு செய்தது கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. 1039 நேனோமீட்டர் பக்கமுள்ள அகச்சிவப்புச் சீப்பு லேசரை ஸெனான் வாயுவில் குவித்தார்கள். வாயு அந்த ஒளியின் ஏழு மடங்கு அதிர்வெண்ணை உமிழும், அது சரியாக 148.4 நேனோமீட்டரில் விழும். அந்த ஒளியைப் படிகத்தின்மேல் சில நிமிடங்கள் விட்டு, பிறகு லேசரை மூடிவிட்டு, படிகத்திலிருந்து வரும் ஃபோட்டான்களை எண்ணினார்கள். அதிர்வெண்ணைச் சற்று நகர்த்தி மறுபடி எண்ணினார்கள். கோடு இருக்கும் இடத்தில் மட்டும் எண்ணிக்கை ஏறும். சீப்பு பக்கத்து அறையிலிருந்த ஸ்ட்ரான்சியம் கடிகாரத்தோடு பிணைக்கப்பட்டிருந்ததால் அதிர்வெண் நேரடியாகவே கிடைத்தது: 2,020,407,384,335 கிலோஹெர்ட்ஸ், பிழை 2 கிலோஹெர்ட்ஸ். அதே ஆண்டு ஏப்ரலில் தெரிந்ததைவிட இது லட்சக்கணக்கான மடங்கு துல்லியம்.

இனி குறைகள். முதலாவது, படிகம் அணுக்கருவை முழுதாகத் தனியே விட்டுவிடவில்லை. தோரியத்தின் கரு உருண்டையாக இல்லாமல் சற்று நீண்டிருப்பதால், சுற்றியுள்ள ஃபுளோரின் அயனிகளின் மின்புலச் சரிவு அதன் நிலைகளைப் பிரித்துவிடும். ஒரே கோடு இருக்க வேண்டிய இடத்தில் அனுமதிக்கப்பட்ட ஐந்து கோடுகள் வந்து நிற்கின்றன. வெப்பநிலை ஏறினால் படிகம் விரியும், மின்புலச் சரிவும் கருவின் இடத்திலுள்ள எலக்ட்ரான் அடர்த்தியும் மாறும், கோடுகள் நகரும். அவற்றில் ஒரு கோட்டில் மட்டும் இந்த இரண்டு விளைவுகளும் ஒன்றையொன்று எதிர்ப்பதால் நகர்வு குறைவு: 150 கெல்வினிலிருந்து 293 கெல்வின் வரை மொத்தமே 62 கிலோஹெர்ட்ஸ். குறைவுதான், ஆனால் கணக்குப் போட்டால் ஒரு கெல்வினுக்கு 430 ஹெர்ட்ஸுக்கு மேல் வருகிறது. ஸ்ட்ரான்சியத்துக்குச் சமமாக 10⁻¹⁸ வேண்டுமென்றால் நகர்வு 2 மில்லிஹெர்ட்ஸுக்குள் நிற்க வேண்டும். அதற்குப் படிகத்தின் வெப்பநிலையை 5 மைக்ரோகெல்வினுக்குள் பிடித்துவைக்க வேண்டும். நல்ல செய்தி, 195 கெல்வின் அருகே இந்த நகர்வு திரும்பும் புள்ளி ஒன்று இருக்கிறது. அங்கே நிறுத்தினால் இந்தக் கெடுபிடி நன்றாகத் தளரும்.

இரண்டாவது, மெதுவான வேகம். படிகத்துக்குள் ஐசோமரின் சராசரி ஆயுள் பத்து நிமிடத்துக்குச் சற்று அதிகம். ஒவ்வொரு அளவீட்டுக்கும் கிளர்த்தி, எண்ணி, கரு தரைநிலைக்கு இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். மூன்றாவது, கதிரியக்கம். தோரியம்-229-இன் அரை ஆயுள் சுமார் 7,900 ஆண்டுகள். 10¹⁵ கருக்கள் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 2,800 சிதைவுகள். சேய் அணுக்களின் சிதைவு தனி. ஒவ்வொன்றும் படிகத்துக்குள் ஒரு மினுக்கலை உண்டாக்கும், அதன் நடுவில்தான் நமக்கு வேண்டிய ஃபோட்டானைத் தேட வேண்டும்.

தோரியம் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் நினைவுக்கு வரும். அதிலிருப்பது தோரியம்-232, அது இந்த வேலைக்கு உதவாது. 229 வேண்டுமென்றால் 232-ஐ அணு உலையில் வைத்து யுரேனியம்-233 ஆக்க வேண்டும் (கல்பாக்கத்தின் காமினி உலைக்கு அதுதான் எரிபொருள்), பிறகு அந்த 233 தானாகச் சிதைவதற்குக் காத்திருக்க வேண்டும். அதன் அரை ஆயுள் 1.6 லட்சம் ஆண்டு. ஒரு கிராம் யுரேனியம்-233 ஓராண்டில் நாலு மைக்ரோகிராம் சொச்சம் தோரியம்-229 தரும். 10¹⁵ அணுக்கள் என்பது அரை மைக்ரோகிராமுக்கும் குறைவு என்பதால் படிகத்துக்குத் தேவை சிறிதுதான். ஆனால் படிகம் வளர்க்கும்போது வீணாவதையும் சேர்த்தால், எந்த ஆய்வகமும் இதைச் சிக்கனமாகத்தான் செலவழிக்கும்.

படலம்

சிக்கனத்துக்கு நேர் பதில் மூன்றாவது வழி. தோரியம் ஃபுளோரைடைப் பல பத்து நேனோமீட்டர் தடிமனில் தகட்டின்மேல் ஆவியாகப் படியவைத்தால், படிகத்தோடு ஒப்பிடக் கதிரியக்கம் ஆயிரம் மடங்கு குறைகிறது. ஜிலா குழு இதைச் செய்து காட்டியது. ஆனால் சமிக்ஞையும் மெலிந்துவிடுகிறது.

இதைவிடத் துணிச்சலானது தோரியம் ஆக்சைடுப் படலம். அதன் ஆற்றல் இடைவெளி சுமார் 6 எலக்ட்ரான் வோல்ட்தான், எலக்ட்ரானை அடைத்துவைக்காது. அப்படியானால் அடைக்கவே வேண்டாம், வெளியே வருகிற எலக்ட்ரானையே எண்ணிவிடலாம் என்று லாஸ் ஏஞ்சலிஸ் குழு 2025-இல் செய்து காட்டியது. பத்து நிமிடக் காத்திருப்பு போய்விட்டது: ஆயுள் சுமார் 12 மைக்ரோ விநாடி. ஒளி ஊடுருவும் படிகமும் தேவையில்லை, சிறிதளவு தோரியமும் மின்னோட்டம் அளக்கும் கருவியும் போதும். இதற்குக் கொடுக்கும் விலை அகலம். 12 மைக்ரோ விநாடி ஆயுளுக்கு இயல்பான கோட்டகலம் 13 கிலோஹெர்ட்ஸ், தனி அயனியோடு ஒப்பிட்டால் பல கோடி மடங்கு. உச்சத் துல்லியத்துக்கு இது வழியல்ல. கையடக்கமான, கரடுமுரடான இடங்களுக்கு எடுத்துச் செல்லும் கடிகாரம் என்று யாராவது பேசினால், நான் இந்தப் பக்கம்தான் கை காட்டுவேன்.

இருப்பதே போதுமா?

நாலாவது குரலுக்கு வருவோம். ஜிலாவின் ஸ்ட்ரான்சியம் கடிகாரத்தின் பிழை 2024-இல் 8.1×10⁻¹⁹. அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனத்தின் அலுமினியம் அயனிக் கடிகாரம் 2025-இல் 5.5×10⁻¹⁹. பூமியின்மேல் ஒரு சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தால் நேரம் ஓடும் வேகத்தில் வரும் மாற்றம் 10⁻¹⁸, அதையே இவை உணரும். தோரியம் படிகத்திலோ, வெவ்வேறு அளவில் தோரியம் கலந்த இரண்டு படிகங்களை நான்கு மாதம் திரும்பத் திரும்ப அளந்தபோது ஒத்துப்போன அளவு 220 ஹெர்ட்ஸ், அதாவது 1.1×10⁻¹³. ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் பின்தங்கியிருக்கிறது. விநாடியை மறுவரையறை செய்வதோ உயரம் அளப்பதோ நோக்கம் என்றால் வாதமே இல்லை, ஸ்ட்ரான்சியத்தோடும் அலுமினியத்தோடும் இருந்துவிடலாம்.

ஆனால் நோக்கம் வேறானால் கணக்கும் வேறு. அணுக்கருவுக்குள் இரண்டு பெரிய விசைகள் எதிரெதிரே இயங்குகின்றன: புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளும் மின்விசை, எல்லாவற்றையும் ஒட்டிவைக்கும் வலிமையான அணுக்கரு விசை. தரைநிலையிலிருந்து ஐசோமருக்குப் போகும்போது மின் ஆற்றலில் வரும் மாற்றம் பத்தாயிரக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட். அணுக்கரு விசையின் பங்கும் கிட்டத்தட்ட அதே அளவு, எதிர்த்திசையில். இரண்டும் கழிந்து மிஞ்சியதுதான் இந்த 8.36. பெரிய இரண்டு தொகைகளைக் கழித்து வந்த சிறிய மீதி என்பதால், ஒரு தொகை இம்மி மாறினாலும் மீதி ஏகத்துக்கும் மாறும். மின்விசையின் வலிமையைக் குறிக்கும் நுண்கட்டமைப்பு மாறிலி மாறினால் தோரியத்தின் அதிர்வெண் எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டும்? 2006-இலேயே இயற்பியலாளர் ஃபிளாம்பாம் இதைச் சுட்டிக்காட்டினார். ஜிலா அளவுகளை வைத்து வியன்னா குழு கணித்த மதிப்பு 5,900 மடங்கு, இரண்டு பக்கமும் 2,300 நிச்சயமின்மையோடு.

இன்று இந்த வேலையைச் செய்வதில் முதலிடம் பிடிபியின் இட்டர்பியம் அயனிக்கு. அதன் இரண்டு கோடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார்கள். அந்த ஜோடியின் பெருக்கம் சுமார் 7 மட்டும். இருந்தும், கடிகாரம் அவ்வளவு துல்லியம் என்பதால், மாறிலியின் மாற்றத்தை ஆண்டுக்கு 10⁻¹⁹ வரிசையில், 2.5×10⁻¹⁹ பிழையோடு, சுழியத்தோடு ஒத்துப்போகும்படி கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். தோரியம் இதை எட்ட என்ன வேண்டும்? 2.5×10⁻¹⁹-ஐ 5,900-ஆல் பெருக்கினால் சுமார் 1.5×10⁻¹⁵. இரண்டு பெட்டாஹெர்ட்ஸ் துடிப்பில் அது 3 ஹெர்ட்ஸ். அதாவது படிகத்தின் கோட்டு மையத்தை ஆண்டு முழுக்க 3 ஹெர்ட்ஸுக்குள் நம்பிச் சொல்ல முடிந்தால், உலகின் மிகச் சிறந்த அயனிக் கடிகார ஒப்பீட்டுக்கு நிகராகிவிடலாம். இன்று கையிலிருப்பது 220 ஹெர்ட்ஸ். நேரம் காட்டுவதில் லட்சம் மடங்கு பின்தங்கியிருக்கும் கருவி, இந்த ஒரு கேள்வியில் வெறும் எழுபது மடங்குதான் பின்தங்கியிருக்கிறது.

படிகத்தை நான் முன்னிறுத்துவதற்கு இதுதான் காரணம். இந்தத் தேடலில் அதிர்வெண்ணின் உண்மையான மதிப்பு தேவையில்லை, அது மாறாமல் இருக்கிறதா என்பது மட்டும்தான் தேவை. படிகம் கோட்டை எத்தனை ஹெர்ட்ஸ் தள்ளிவைத்தாலும், அந்தத் தள்ளல் நாளுக்கு நாள் ஒரே மாதிரி இருந்தால் போதும். தனி அயனியின் பெரிய பலம் தள்ளலே இல்லாத தூய மதிப்பு. இந்த வேலைக்கு அது அவ்வளவு முக்கியமல்ல.

ஒரு எச்சரிக்கை. 5,900 என்ற எண் நேரடியாக அளந்ததல்ல. இரண்டு நிலைகளிலும் அணுக்கருவின் அளவும் வடிவமும் எப்படி மாறுகின்றன என்பதிலிருந்து ஒரு மாதிரியை வைத்துக் கணித்தது. தோரியத்தின் கோடு ஸ்ட்ரான்சியத்தை ஒப்பிட உண்மையிலேயே நகர்ந்தால், ஏதோ நடக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம், எவ்வளவு என்று சொல்வதில்தான் தடுமாற்றம் வரும். நகரவில்லை என்றால், மாறிலி இவ்வளவுக்குள் மாறவில்லை என்ற வரம்பு இந்தக் கணிப்பை நம்பித்தான் நிற்கும். படிகம் பழையதாவதாலும் கோடு நகரலாம்: கதிரியக்கச் சேதம், லேசர் பட்டு உண்டாகும் குறைபாடுகள். பிரித்தறிய வழி இருக்கிறது. மாறிலி மாறினால் ஐந்து கோடுகளும் சேர்ந்து நகரும், படிகத்தின் மின்புலச் சரிவு மாறினால் கோடுகளுக்கு இடையிலான இடைவெளி மாறும். எலக்ட்ரான் அடர்த்தி மட்டும் மாறினாலோ ஐந்தும் சேர்ந்தே நகரும், அங்கே இந்தச் சோதனை ஏமாந்துபோகும். அதனால்தான் வேறு வேறு கலப்பு அளவுள்ள படிகங்களையும், முடிந்தால் வேறு ஃபுளோரைடையும் கூடவே வைத்து ஓட்டச் சொல்வேன்.

கையில் பணமிருக்கும் ஆய்வகம் அதை முதலில் எதில் போட வேண்டும் என்று கேட்டால், படிகத்தில்கூட இல்லை, லேசரில். சீப்பின் பற்களில் ஒன்றைக் கடன் வாங்கி அளக்கும் வரை 3 ஹெர்ட்ஸ் எட்டாது. 148 நேனோமீட்டரில் அணையாமல் எரியும், ஒரே அதிர்வெண்ணில் குவிந்த லேசர் தேவை. 2025-இல் பெய்ஜிங்கின் சிங்குவா பல்கலைக்கழகக் குழு காட்மியம் ஆவியில் லேசர்களைக் கலந்து 100 நேனோவாட் அளவில் அப்படி ஒன்றை உண்டாக்கிக் காட்டியது. எண் சின்னதாகத் தெரியலாம். ஆனால் அத்தனையும் ஒரே அதிர்வெண்ணில் வருகிறது, இன்றைய படிகத்துக்கும் நாளைய தனி அயனிக்கும் அதே லேசரை மாற்றாமல் பயன்படுத்தலாம்.